ஏழாவது நிமிடத்தில் நொண்டும் மாடு: போன் சூட்டுக்கு ஏற்ப கேமின் தரத்தை இறக்கி ஏற்றும் வழி

எங்கள் பக்கத்து எருது விடும் விழாவை வைத்து நானும் இரண்டு நண்பர்களும் காட்பாடியில் ஒரு சின்ன மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் கூட்டம், நடுவில் தெரு. மாட்டை அவிழ்த்துவிட்டதும் எல்லைக்கோடு வரை எத்தனை நொடியில் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. ஓர் ஓட்டம் ஏறக்குறைய நாற்பது நொடி. அப்புறம் முடிவுத் திரை, அடுத்த மாட்டைத் தேர்ந்தெடுக்கும் திரை, மறுபடி ஓட்டம்.

அறையில் ஏசி போட்டுக்கொண்டு நாங்கள் மணிக்கணக்கில் ஆடிப் பார்த்தோம். நொடிக்கு 60 பிரேம், ஒரு குறையும் இல்லை. கத்திரி வெயிலில் அணைக்கட்டுப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனபோது அத்தை பையனிடம் போனைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து ஆடியவன் கொஞ்ச நேரத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தான். "மொதல்ல நல்லாதான் கீதுண்ணா. ஏழெட்டு ஓட்டம் ஆனதும் மாடு நொண்டி நொண்டி வருது." வாங்கிப் பார்த்தேன். போனின் முதுகு, அடுப்படியில் இருந்து எடுத்த டம்ளர் மாதிரி சுட்டது. நொடிக்கு 34 பிரேமுக்கும் 52 பிரேமுக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தது.

போன் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் தெர்மல் திராட்லிங் என்பார்கள். இதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அது நடப்பதற்கு முன்னாலேயே கேம் தன் தரத்தைத் தானே இறக்கிக்கொள்வதுதான் வழி. அதை நாங்கள் எப்படிச் செய்தோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். யூனிட்டியில் ஒரு கேமாவது செய்து பார்த்தவராக நீங்கள் இருந்தால் போதும்.

முதலில் சூட்டின் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் குறியீடு எழுதினால் எண்களைக் குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போனுக்குள் விசிறி கிடையாது. பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகி, போனின் மேல்தோல் வழியாகக் காற்றுக்குத்தான் போக வேண்டும். எவ்வளவு போகும் என்பதைப் போனுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் தீர்மானிக்கிறது. சாதாரண அளவுப் போன் ஒன்றின் இரண்டு பக்கப் பரப்பையும், அசையாத காற்று சூட்டை வாங்கும் திறனையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கால் வாட்டுக்குச் சற்றுக் குறைவாக வெளியேறும். 0.24 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் பிடிக்கும் பொருள் என்பதால் போனின் மேற்பரப்பு ஒரு வரம்பைத் தாண்ட உற்பத்தியாளர்கள் விடுவதில்லை. இந்த வரம்பு போனுக்குப் போன் மாறும். நம் கணக்குக்கு 44 டிகிரி என்று கொள்வோம். 25 டிகிரி ஏசி அறையில் வித்தியாசம் 19 டிகிரி, அதாவது நாலரை வாட் வரை வெளியேற்றலாம். 36 டிகிரித் திண்ணையில் வித்தியாசம் எட்டே டிகிரி. இரண்டு வாட்டுக்கு மேல் வெளியேறாது. போன் அதேதான், கேமும் அதேதான், ஆனால் செலவழிக்கக் கிடைக்கும் மின்சாரம் பாதிக்கும் குறைவு. வேலூரில் மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அன்றைக்கு இன்னும் மோசம்.

சரி, முதல் ஏழு நிமிடம் ஏன் நன்றாக ஓடியது? போனின் எடை 190 கிராம் அளவில் இருக்கும். அத்தனை எடையும் சூடாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எங்கள் கேம் அப்போது சராசரியாக 4.3 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த எடை, அந்தப் பரப்பு இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், 36 டிகிரியில் தொடங்கிய போன் 44 டிகிரியைத் தொட ஏழு நிமிடம் வருகிறது. ஓர் ஓட்டமும் அடுத்து வரும் திரைகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நிமிடம், பையன் சொன்ன ஏழெட்டு ஓட்டமும் அதுதான். 25 டிகிரி அறையில் இதே கேமை எத்தனை நேரம் ஆடினாலும் போன் 43 டிகிரியில் போய் நின்றுவிடும், வரம்பைத் தொடவே தொடாது. எங்கள் ஏசி எங்களை இத்தனை மாதம் ஏமாற்றியது இப்படித்தான்.

இது தோராயக் கணக்கு. பிடித்திருக்கும் கை, காற்றோட்டம், பின்கவர் எல்லாம் இதை மாற்றும். ஆம்பூர் பக்கம் பல பேர் போனைத் தோல் உறையோடுதான் வைத்திருப்பார்கள். தோல் சூட்டை எளிதில் கடத்தாது, அதனால் அந்தப் போன் இன்னும் சீக்கிரம் வரம்பைத் தொடும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் சார்ஜ் ஏறும் சூடும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போன் சூடாவதும் ஆறுவதும் பத்துப் பன்னிரண்டு நிமிட அளவில் நடக்கும் மெதுவான காரியம். அதனால் ஒரு நொடியில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைவிட, பல நிமிடங்களின் சராசரி என்ன என்பதுதான் முக்கியம்.

சூடுதானா என்று உறுதி செய்யுங்கள்

கேம் போகப் போக மந்தமானால் அதற்குச் சூடு மட்டுமே காரணம் இல்லை. நினைவகம் கசிந்தாலும் மந்தமாகும், தேவையில்லாத பொருட்கள் காட்சியில் குவிந்தாலும் மந்தமாகும். பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. மந்தமானதும் கேமை முழுக்க மூடிவிட்டு உடனே மறுபடி திறங்கள். மந்தம் அப்படியே இருந்தால் சூடு. புதிதாகத் திறந்ததும் சரியாகிவிட்டால் குற்றம் உங்கள் குறியீட்டில். சூடு என்று தெரிந்தால் போனை மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி ஆடுங்கள். மறுபடி 60 வந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபிரிட்ஜுக்குள் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும்.

பிரேம் நேர வரைபடத்தின் வடிவமும் சொல்லும். குப்பை நினைவகத்தைத் திரட்டும்போது வரும் தடங்கல் ஊசி ஊசியாக எழும்பி உடனே இறங்கும். சூட்டினால் வருவது படிக்கட்டு மாதிரி. எல்லாப் பிரேமும் ஒரே நேரத்தில் ஒரு படி கனமாகி அங்கேயே நிற்கும்.

அளப்பதற்கு ஏற்பாடு

போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அளந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், கணக்கு கெட்டுவிடும். வைஃபை வழியாக இணையுங்கள். முதலில் கேபிளோடு முதல் கட்டளையைக் கொடுத்து, போனின் வைஃபை ஐபி எண்ணைப் போட்டு இணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றிவிடலாம்.

```
adb tcpip 5555
adb connect 192.168.1.7:5555
adb shell dumpsys battery
adb shell dumpsys thermalservice
```

மூன்றாவது கட்டளையில் `temperature: 431` என்று வந்தால் பேட்டரி 43.1 டிகிரி என்று பொருள். பத்தில் ஒரு பங்கு டிகிரிக் கணக்கில் அது எழுதும். நான்காவது கட்டளை, போன் இப்போது எந்தச் சூட்டு நிலையில் இருப்பதாக ஆண்ட்ராய்டு நினைக்கிறது என்று காட்டும். 0 என்றால் ஒன்றுமில்லை, 1 லேசு, 2 மிதம், 3 கடுமை. 6 வந்தால் போன் தன்னை அணைத்துக்கொள்ளப்போகிறது.

மின்சாரச் செலவைப் பார்க்க `BatteryManager` வகுப்பில் `BATTERY_PROPERTY_CURRENT_NOW` இருக்கிறது. மைக்ரோ ஆம்பியரில் வரும். அதைப் பேட்டரியின் வோல்ட்டேஜால் பெருக்கினால் வாட். எங்களுக்கு 1.1 ஆம்பியரும் 3.9 வோல்ட்டும் வந்தன, அதாவது 4.3 வாட். சில போன்களில் இந்த எண்ணின் குறி மாறி வரும், அலகும் மாறி வரும். அதனால் முதலில் திரையை மட்டும் எரியவிட்டு, எண் நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சோதனை. ஏசி வேண்டாம், விசிறி வேண்டாம், பின்கவரோடு, கையில் பிடித்தபடி நாற்பது நிமிடம். அதற்குக் குறைத்தால் பயனில்லை. பத்தாவது நிமிடத்திலும் போன் சூடாகிக்கொண்டேதான் இருக்கும், எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. பத்து நொடிக்கு ஒரு முறை வெப்பம், பிரேம் நேரம், தர நிலை மூன்றையும் ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியின் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அளந்தோம். கஷ்டம்தான், ஆனால் ஆடுகிறவர்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வாட் கணக்கைப் பாருங்கள். எங்களுக்கு முதல் அதிர்ச்சி ஓட்டத்தில் வரவில்லை, முடிவுத் திரையில் வந்தது. மாட்டைத் தேர்ந்தெடுக்கும் திரைக்குப் பின்னால் தெரு முழுக்க, கூட்டத்தோடு, நொடிக்கு 60 பிரேமில் வரைந்துகொண்டிருந்தோம். ஓட்டத்தில் 4.5 வாட், சும்மா பட்டனைப் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் 4 வாட்! போன் மூச்சு வாங்க வேண்டிய நேரத்திலும் அதை ஓடவிட்டிருக்கிறோம்.

அந்தத் திரைகளில் பின்னணியை ஒரே ஒரு முறை படமாக எடுத்து மங்கலாக்கி வைத்தோம். பிரேமை 30-க்கு இறக்கினோம். 1.2 வாட் ஆனது. ஆடுகிறவர்கள் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. நாற்பது நொடி ஓட்டத்துக்கு இருபது நொடித் திரை என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு நேரம் போன் ஆறுகிறது. சராசரிதான் முக்கியம் என்று மேலே சொன்னேனே, அது இங்கே கைகொடுக்கிறது. உங்கள் கேமிலும் கடை, பட்டியல், ஏற்றும் திரை எல்லாவற்றையும் முதலில் இப்படிப் பாருங்கள். இதைவிட மலிவாகக் கிடைக்கும் லாபம் வேறு இல்லை.

ஓட்டத்துக்குள் பார்த்தால் புழுதி. மாடு கிளப்பும் புழுதிக்குப் பெரிய பெரிய ஒளி ஊடுருவும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தோம். கேமரா மாட்டின் பின்னால் இருப்பதால் அந்தப் படங்கள் திரையையே மூடும். ஒரே பிக்சலை ஏழெட்டு முறை வரைய வேண்டியிருந்தது. அடுத்தது கூட்டம். ஒவ்வோர் ஆளின் எலும்பு அசைவையும் சிபியு தனித்தனியே கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. ஜிபியு ஒரு பிரேமை வரைய 15 மில்லிநொடி எடுக்கிறது என்று காட்டினால், அது திணறுகிறது என்று அர்த்தமில்லை. 16.6 மில்லிநொடிக்குள் முடித்தால் போதும் என்று தெரிந்து, போனே அதன் வேகத்தைக் குறைத்து நிதானமாக ஓட்டியிருக்கலாம். மின்சாரம் மிச்சப்படுத்தும் நல்ல வேலை அது. வேகம் குறையும்போது வோல்ட்டேஜும் குறைகிறது, செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போவதால் லாபம் பெரியது. ஆகவே பிரேம் நேரத்தை மட்டும் பார்த்துத் தரத்தை ஏற்றி இறக்கினால், போனின் வேகக் கட்டுப்பாட்டோடு நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். தரத்தை இறக்குவீர்கள், அது வேகத்தை இறக்கும், பிரேம் நேரம் அப்படியே இருக்கும், நீங்கள் இன்னும் இறக்குவீர்கள். வெப்பத்தை நேரடியாகக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று. சிபியு, ஜிபியு இரண்டும் ஒரே சிப்பில் இருக்கின்றன, ஒரே சூட்டுக் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கூட்டத்தைக் குறைத்ததால் எங்கள் ஜிபியுவுக்கும் இடம் கிடைத்தது. எது தடையாக இருக்கிறதோ அதை மட்டும் குறைக்க வேண்டும் என்பது சாதாரண வேக வேலைக்குச் சரி. சூட்டு வேலையில் எதைக் குறைத்தாலும் பலன் உண்டு.

தரப் படிகளை அடுக்குதல்

நாங்கள் 0 முதல் 4 வரை ஐந்து படி வைத்தோம். 0 முழுத் தரம், எண் கூடக் கூடத் தரம் இறங்கும். கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்து, வாட்டில் அதிகமாகக் குறைவது எதுவோ அது முதலில் இறங்க வேண்டும் என்பதுதான் எங்கள் விதி.

முதல் படியில் புழுதியின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் அடர்த்தியாக்கினோம். கூட்டத்தில் தூரத்து ஆட்களின் அசைவை நாலு பிரேமுக்கு ஒரு முறை மட்டும் கணக்கிட்டோம். இரண்டாம் படியில் யூஆர்பியின் `renderScale` 1-லிருந்து 0.8-க்கு வந்தது. எண் சிறிதாகத் தெரிந்தாலும் இரண்டு திசையிலும் குறைவதால், வரையும் பிக்சல் 64 சதவீதமாகிவிடும். எழுத்து, பட்டன், நொடிக் கணக்கு இவை முழுத் தெளிவிலேயே தனியாக வரையப்பட வேண்டும். எழுத்து மங்கினால்தான் ஆடுகிறவருக்குக் கண்ணில் உறுத்தும், தெரு மங்கினால் உறுத்தாது. மூன்றாம் படி, நொடிக்கு 40 பிரேம். நான்காம் படி 30 பிரேம், கூட்டத்தின் நிழல் கிடையாது.

பிரேம் எண்ணைக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் வலிமையானது. சிபியு, ஜிபியு, நினைவகம் மூன்றின் வேலையும் ஒரே அடியில் குறையும். அதைக் கடைசியில் வைத்தது, அது கைக்குத் தெரியும் என்பதால்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. 40 பிரேம் என்பது 120 ஹெர்ட்ஸ் திரையில்தான் சீராக வரும், ஏனென்றால் 120-ஐ 40 மீதியில்லாமல் வகுக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 கேட்டால் ஒரு பிரேம் ஒரு மடங்கு நேரமும் அடுத்தது இரண்டு மடங்கு நேரமும் நிற்கும், இல்லையென்றால் யூனிட்டியே 30-க்குத் தள்ளிவிடும். அந்தப் போன்களில் 60-க்கு அடுத்தது நேராக 30 என்று வையுங்கள். 90 ஹெர்ட்ஸ் திரைக்கு 45 பொருந்தும். யூனிட்டியின் அமைப்பில் `Optimized Frame Pacing` என்பதை இயக்கிவிடுங்கள்.

34-க்கும் 52-க்கும் நடுவில் அலைவதைவிடச் சீரான 40 எவ்வளவோ மேல். அத்தை பையன் நொண்டுகிறது என்று சொன்னது அந்த அலைச்சலைத்தான்.

எந்தப் படியிலும் தொடக்கூடாத ஒன்று, மாட்டின் ஓட்டக் கணக்கு. எங்கள் கேமில் நொடியின் நூறில் ஒரு பங்கில் பரிசு மாறும். போன் சூடானதால் ஒருவருக்கு நேரம் கூடினால் அது அநியாயம். மாட்டின் இயக்கத்தை `FixedUpdate`-க்குள் வைத்து, ஒரே போன், ஒரே மாடு, 60 பிரேமிலும் 30 பிரேமிலும் ஓடவிட்டு முடிவு நேரம் ஒன்றாகவே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனோம். எங்களுக்கு முதலில் வரவில்லை. விரட்டும் பட்டனின் வேகக் கூட்டல் `Update`-க்குள் கிடந்தது.

எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது

ஆண்ட்ராய்டு 11 முதல் `PowerManager`-இல் `getThermalHeadroom` இருக்கிறது. இன்னும் இத்தனை நொடியில் சூடு எங்கே இருக்கும் என்று அதைக் கேட்கலாம். 1.0 வந்தால் கடுமை நிலையைத் தொடும் என்று பொருள். மிதமான கட்டுப்பாடு அதற்கு முன்பே தொடங்கிவிடலாம், அதனால் 1.0 வரை காத்திருக்கக் கூடாது. பத்து நொடிக்கு ஒரு முறை கேட்டால் போதும். அவசரப்பட்டு அடிக்கடி கேட்டால் `NaN` என்று திருப்பிவிடும். சில போன்கள் எப்போதுமே `NaN`தான் தரும்.

நாங்கள் முதலில் எழுதிய குறியீடு, 0.85-ஐத் தாண்டியதும் பத்து நொடிக்கு ஒரு படி இறங்கியது. ஒரே நிமிடத்தில் அடிப்படிக்குப் போய்விட்டது. படி இறக்கியதன் பலன் வெப்பத்தில் தெரிய ஒரு நிமிடமாவது ஆகும், அதற்குள் அவசரக் குறியீடு எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறது. அப்புறம் போன் ஆறியதும் சரசரவென்று மேலே ஏறியது, மறுபடி சூடானது, மறுபடி விழுந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை தெரு தெளிவதும் மங்குவதுமாக இருந்தது. இப்போது இருப்பது இது:

```csharp
void Every10s() {
    wait--;
    float h = pm.Call<float>("getThermalHeadroom", 10);
    if (float.IsNaN(h)) return;
    bool rush = h > 0.95f;
    if (h > 0.85f && (wait <= 0 || rush)) {
        level = Mathf.Min(level + 1, 4);
        wait = 6; calm = 0;
    }
    else if (h < 0.70f) calm++;
    else calm = 0;

    if (calm >= 18 && betweenRuns) {
        level = Mathf.Max(level - 1, 0);
        calm = 0;
    }
}
```

`pm` என்பது ஆண்ட்ராய்டின் `PowerManager`. பழைய ஆண்ட்ராய்டில் இந்த அழைப்பே இல்லை, அதனால் பதிப்பைப் பார்த்துவிட்டு அழையுங்கள். ஒரு படி இறங்கினால் ஒரு நிமிடம் காத்திருக்கிறது, 0.95-ஐத் தாண்டினால் மட்டும் காத்திருப்பதில்லை. ஏறுவதற்கு மூன்று நிமிடம் தொடர்ந்து 0.70-க்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் ஓட்டத்துக்கு நடுவில் கிடையாது. திரை மாறும் நேரத்தில் ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாது. இறங்குவதையும் முடிந்தவரை அங்கேயே வையுங்கள்.

இதோடு ஒரு விதியைச் சேர்த்தோம். மேலே ஏறிய படியிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி இறங்க வேண்டி வந்தால், அந்த அமர்வு முடியும்வரை அந்தப் படிக்கு மறுபடி ஏறுவதில்லை. இந்த இடம், இந்த வெயில், இந்தப் போனுக்கு அது தாங்காது என்று தெரிந்துவிட்டது, திரும்பத் திரும்ப முயல்வதில் அர்த்தம் இல்லை. அலைச்சலை அடியோடு நிறுத்தியது இதுதான்.

`NaN` தரும் போன்களுக்குப் பேட்டரி வெப்பத்தை வைத்தோம். 41 டிகிரியில் ஒரு படி இறக்கம், 38-க்குக் கீழே வந்தால் ஏற்றம். பேட்டரி சிப்பைவிட மெதுவாகச் சூடாவதால் இது கொஞ்சம் பின்தங்கியே சொல்லும், ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். எங்கள் மே மாதத்தில் ஆடத் தொடங்கும்போதே சில போன்கள் 38-இல் இருக்கும், அவற்றில் ஏற்றமே நடக்காது. அது சரிதான். ஐபோனில் `ProcessInfo`-வின் `thermalState` நாலு நிலைகளைச் சொல்லும். `fair` வந்ததும் ஒரு படி, `serious` வந்தால் நேராக 30 பிரேம் என்று வைத்திருக்கிறோம்.

ஆண்ட்ராய்டின் சூட்டு நிலையையும் காவலாக வைத்தோம். நிலை 2 வந்தால் வேறெதையும் பார்க்காமல் ஒரு படி இறங்கும். அந்தக் குறியீட்டைச் சரிபார்க்க வெயிலுக்குப் போக வேண்டியதில்லை:

```
adb shell cmd thermalservice override-status 3
adb shell cmd thermalservice reset
```

முதல் கட்டளை நிலையைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், இரண்டாவது பழையபடி ஆக்கும். போனின் வேகம் உண்மையில் குறையாது. அதனால் உங்கள் குறியீடு கேட்கிறதா என்று பார்க்க மட்டும் இது உதவும், தரம் போதுமா என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. `reset` கொடுக்க மறந்துவிட்டு மறுநாள் முழுக்கக் கேம் ஏன் அடிப்படியிலேயே நிற்கிறது என்று தேடியிருக்கிறோம்.

மறுபடி கொட்டகை நிழலில்

அதே 36 டிகிரி, அதே போன், அதே பின்கவர். 0-வது படியில் தொடங்கியது. நாலாவது நிமிடம் ஒரு படி, ஆறாவது நிமிடம் இன்னொன்று, ஒன்பதாவது நிமிடம் மூன்றாம் படிக்கு, அதாவது 40 பிரேமுக்கு வந்தது. அப்புறம் நாற்பதாவது நிமிடம் வரை அசையவில்லை. ஓட்டத்தில் 2.5 வாட், இடைத்திரையில் 1.2 வாட், சேர்த்துச் சராசரி இரண்டு வாட்டை ஒட்டி. 36 டிகிரியில் போன் வெளியேற்றக்கூடியது எவ்வளவு என்று முதலில் போட்ட கணக்கும் அதே இரண்டு வாட்தான். பேட்டரி 43 டிகிரியில் நின்றது. பிரேம் நேரம் 25 மில்லிநொடியில் கோடு போட்ட மாதிரி இருந்தது.

25 டிகிரி அறையில் அதே கேம் முதல் படிக்குக் கீழே போகவில்லை. தகரக் கொட்டகைக்கு வெளியே, நேர் வெயிலில் ஐந்தே நிமிடம் வைத்துப் பார்த்ததில் நான்காம் படிக்கும் கீழே விழுந்தது. திரையின் வெளிச்சத்தைப் போனே குறைத்துவிட்டது, 30 பிரேமும் நிற்கவில்லை. காற்றுச் சூட்டோடு வெயிலும் போனின் முதுகில் நேராக விழும்போது எங்கள் படிகளால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே கேம், "போன் அதிகம் சூடாகிவிட்டது, நிழலுக்குப் போய் ஆடுங்கள்" என்று இடைத்திரையில் ஒரு வரி காட்டுகிறது, ஓட்டத்துக்கு நடுவில் காட்டுவதில்லை.

போன வாரம் அத்தை பையனுக்குப் புதிய பதிப்பை அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டான். மாடு இப்போது நொண்டவில்லையாம். "புழுதிதான் கொஞ்சம் கம்மியா கீது, தெருவுல தண்ணி தெளிச்சிட்டீங்களா?" என்று கேட்டான். விழா நாளில் புழுதி அடங்கத் தெருவில் தண்ணீர் தெளிப்பது உண்டு. முதல் படியில் தெருவின் நிறத்தைக் கொஞ்சம் ஈரமாகக் காட்டலாம் என்று அதிலிருந்துதான் தோன்றியது, இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.